கஸ்டமர் மனப்பாடம் பண்ணாம பேசுற டெஸ்டிமோனியல் வீடியோ: கேள்வி எழுதுறதுலருந்து கடைசி ஸ்கிரிப்ட் வரைக்கும்

சின்ன கடைகளோட கஸ்டமர் வீடியோ பத்து பாத்தீங்கன்னா எட்டுல ஒரே டயலாக்தான் வரும். "இவர்களின் சேவை மிகவும் சிறப்பாக உள்ளது, அனைவரும் ஒருமுறை வந்து பயன் பெறுங்கள்." எந்த ஊர்லயும் யாரும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இப்படி பேச மாட்டாங்க. இது கஸ்டமரோட தப்பு இல்ல. கடைக்காரர் ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதி கைல குடுத்து "இத மட்டும் சொல்லிடுங்கம்மா"ன்னு சொல்லிருப்பாரு, அவங்களும் ஸ்கூல்ல செய்யுள் ஒப்பிச்ச மாதிரி ஒப்பிச்சிருப்பாங்க. பாக்குறவங்களுக்கு முதல் வரிலயே தெரிஞ்சுடும், விரல் தானா அடுத்த வீடியோவுக்கு தள்ளிடும்.

நான் சொல்ற முறைல ஸ்கிரிப்ட் ரெண்டு தடவ எழுதணும். ஷூட்டுக்கு முன்னாடி எழுதுறதுல கேள்வி மட்டும்தான் இருக்கும், ஒரு பதில் கூட இருக்காது. ஷூட் முடிஞ்சதுக்கப்புறம் அவங்க பேசினத கேட்டு எழுதி, அதுலருந்து வெட்டி வரிசைப்படுத்துறதுதான் ரெண்டாவது, அதுதான் உண்மையான வீடியோ ஸ்கிரிப்ட். நடுவுல ஒரு வரி கூட நாம சொந்தமா எழுதி அவங்க வாயில வைக்கக் கூடாது.

பொதுவா பேசினா புரியாது, அதனால ஒரு கடைய எடுத்துக்கலாம். மதுரைல ஒரு தையல் கடை, மெயின் வேலை கல்யாண ஜாக்கெட், ஆரி ஒர்க்கும் போடுவாங்க, ஓனர் அக்காவோட சேத்து நாலு பேர். கடையோட இன்ஸ்டா பேஜுக்கு ஒன்றரை நிமிஷத்துல ஒரு வீடியோ வேணும். பேசப் போறவங்க ரெண்டு பொண்ணுக்கு கல்யாணம் முடிச்ச ஒரு ஸ்கூல் டீச்சரம்மா.

எந்த பயத்துக்கு பதில் சொல்லப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கேமராவ எடுக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க, "துணி குடுக்கறதுக்கு முன்னாடி போன்ல ஜனங்க என்ன கேக்குறாங்க?" ஓனர் மொதல்ல "எங்க குவாலிட்டி, எங்க டிசைன்"னு ஆரம்பிப்பாங்க, அத விட்டுடுங்க. நிஜமா வர்ற போன்கால் எப்படி இருக்கும்னா, சொன்ன தேதிக்கு குடுத்துடுவீங்களா, பட்டு வெட்டினதுக்கப்புறம் அளவு தப்பாச்சுன்னா என்ன பண்றது, கை இறுக்கினா பிரிச்சு தைக்க உள்ள துணி விட்டிருப்பீங்களா, இப்படித்தான் இருக்கும். எல்லாமே பயம். இதுல ஒண்ண மட்டும் எடுங்க. ஒன்றரை நிமிஷத்துல ஒரு பயத்ததான் ஒழுங்கா தீர்க்க முடியும், மூணையும் தொட்டா மூணும் அரைகுறையாப் போகும். நம்ம கடைக்கு "கல்யாணத்துக்கு முன்னாடி சரியான அளவுல கைக்கு வருமா" அப்படிங்கறத எடுத்துக்கறோம்.

இப்பதான் ஆள தேடணும். நிறைய பேர் இங்க கடைய ரொம்ப புகழ்ற கஸ்டமரா பாத்து கூப்பிடுவாங்க. எனக்கு வேண்டியது அந்த பயம் இருந்தும் வந்த கஸ்டமர். முதல் தடவ வந்தப்போ நாலு கேள்வி கேட்டு ஓனர டென்ஷனாக்கினவங்க யாருன்னு கேளுங்க, அவங்கதான் சரியான ஆள். ஏன்னா வீடியோ பாக்கப் போற அம்மாவும் அதே சந்தேகத்தோடதான் பாக்கப் போறாங்க. ஓனரோட சொந்தக்காரங்க, சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம், ஊருக்குள்ள அது எப்படியும் தெரிஞ்சுடும், கமெண்ட்லயே ஒருத்தர் எழுதிடுவாரு.

முன்கூட்டி ஒரு போன்கால், ஆனா கதைய முழுசா கேக்காதீங்க

ஷூட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க. கதை இருக்கா, எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த கால். டீச்சரம்மா போன்ல "மூத்தவ கல்யாணத்துல வேற ஒரு டைலர்கிட்ட குடுத்து பட்ட பாடு இருக்கே"ன்னு ஆரம்பிக்கிறாங்கன்னு வைங்க, உங்களுக்கு கேக்க ஆசையா இருக்கும், ஆனா அங்கயே நிறுத்திடணும். "அத அன்னிக்கு வந்து கேக்குறேம்மா, இப்ப சொல்லிடாதீங்க." போன்ல ஒரு தடவ முழுசா சொல்லிட்டாங்கன்னா ஷூட் அன்னிக்கு "அதான் அன்னிக்கே சொன்னேன்ல தம்பி"ன்னு சுருக்கி சொல்லுவாங்க, அந்த சூடு போயிடும்.

அதுக்குப் பதிலா சுத்தி இருக்கற தகவல் எல்லாம் எழுதி வச்சுக்கோங்க. எந்த மாசம் கல்யாணம், எத்தன ஜாக்கெட் குடுத்தாங்க, பில் இருக்கா, கல்யாண ஃபோட்டோ இருக்கா, அந்த ஜாக்கெட் இப்ப வீட்டுல இருக்கா. கடைசி கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கால் முடிச்சதும் அவங்க கண்டிப்பா கேப்பாங்க, "தம்பி, என்ன கேப்பீங்கன்னு அனுப்பிடுங்க, ப்ரிப்பேர் பண்ணிக்கறேன்." டீச்சர் வேற, நிச்சயமா கேப்பாங்க. கேள்விய அப்படியே அனுப்பிட்டீங்கன்னா ராத்திரி உக்காந்து நோட்டுல பதில் எழுதிடுவாங்க. நான் இப்படி ஒரு மெசேஜ்தான் அனுப்புவேன்:

"அம்மா, சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு வர்றோம். எதுவும் தயார் பண்ண வேண்டாம், ரெண்டு கல்யாணத்துக்கும் ஜாக்கெட் தச்ச கதைய நம்ம பேசிக்கற மாதிரி பேசினா போதும். தப்பாச்சுன்னா திரும்ப சொல்லிக்கலாம். அந்த கல்யாண ஜாக்கெட்டையும் கடை பில்லையும் எடுத்து வச்சிருங்க. முக்கா மணி நேரத்துல முடிச்சிடலாம்."

என்ன பேசப் போறோம்னு தெரிஞ்சுடுச்சு, பயம் போயிடுச்சு, ஆனா மனப்பாடம் பண்ண ஒண்ணுமே இல்ல.

கேள்வி எழுதுறது

கேள்வித்தாள்ல எட்டு கேள்விக்கு மேல வேண்டாம். ஒரு கேள்விய எழுதினதும் ரெண்டு சோதனை வைங்க. "ஆமா", "இல்ல"ன்னு ஒரே வார்த்தைல பதில் சொல்ல முடியுமா? முடிஞ்சா அது செத்த கேள்வி. பதில் கேள்விக்குள்ளயே ஒளிஞ்சிருக்கா? இருந்தா அதுவும் வேண்டாம். "இவங்க சர்வீஸ் உங்களுக்கு திருப்தியா இருந்துச்சா"ன்னு கேட்டா ரெண்டு சோதனைலயும் தோத்துப் போகுது, ஏன்னா "ரொம்ப திருப்தி"ங்கறதத் தவிர அவங்க வேற எதுவும் சொல்ல முடியாது.

நல்ல கேள்வி ஒரு நாளையோ ஒரு இடத்தையோ ஒரு பொருளையோ கேக்கும். அபிப்பிராயத்த கேக்காது. "என்ன நினைக்கிறீங்க"ன்னு கேட்டா பாராட்டு வரும், "என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா கதை வரும், பாராட்டு அந்த கதைக்குள்ளயே தானா இருக்கும்.

டீச்சரம்மாவுக்கு நான் எழுதுற கேள்விகள வரிசையா சொல்றேன்.

முதல் கேள்வி வீடியோல வரவே வராது. "இன்னிக்கு காலைல என்ன டிபன்மா, பேரன் பேத்தி எல்லாம் எங்க இருக்காங்க?" சும்மா வாய் திறக்கறதுக்கு. இதுலயே மைக் லெவல பாத்துக்கலாம், அவங்களும் கேமராவ மறந்துடுவாங்க. இத தாண்டி ஓடக் கூடாது, ரெண்டு நிமிஷமாவது பேச விடுங்க.

அடுத்தது பழைய அனுபவம். "மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரத்துலருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா." முந்தின நாள் சாயந்திரம்னு நேரத்த சொல்லிட்டதால அவங்க மனசு அங்கயே போயிடும், பொதுவா பேச மாட்டாங்க. இன்னொண்ணு, பழைய டைலரோட பேரு சொல்ல வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, "வேற ஒரு இடத்துல"ன்னாலே போதும். ஒரு ஊர்ல தொழில் பண்றவங்க இன்னொருத்தர கேமரால இழுத்து விடறது நல்லதும் இல்ல, பின்னாடி வம்பும் வரும்.

மூணாவது, பயம். "இந்தக் கடைல முதல் தடவ துணிய குடுக்கும்போது மனசுக்குள்ள என்ன ஓடிச்சு?" இந்த வீடியோவுக்கு முதுகெலும்பே இந்தக் கேள்விதான், ஓனர்களுக்கு சுத்தமா பிடிக்காத கேள்வியும் இதுதான். "நெகட்டிவா பேசிடுவாங்களே"ன்னு பயப்படுவாங்க. பாக்குற அம்மாவுக்கு இருக்கற சந்தேகத்த இன்னொரு அம்மா வாயால சொல்லக் கேட்டாதான் அடுத்து வர்ற நல்லத நம்புவாங்கன்னு ஓனருக்கு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

நாலாவது, எப்ப மாறுச்சு. "சரி, இவங்க குடுத்துடுவாங்கன்னு உங்களுக்கு எப்ப நம்பிக்கை வந்துச்சு, அப்ப அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" பின்பாதி இல்லாம கேட்டா "பேசின விதத்துலயே தெரிஞ்சுடுச்சு"ன்னு மொட்டையா வரும். என்ன பண்ணாங்கன்னு கேட்டாதான் பட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி அளவு பாக்க காடாத் துணில தச்சுக் காட்டினது, பில்லுல தேதி எழுதினது எல்லாம் வெளிய வரும்.

அஞ்சாவது, கைல அந்த ஜாக்கெட்ட குடுத்துட்டு, "இதுல எந்த எடத்துலம்மா மூத்தவளுக்கு பிரச்சன ஆச்சு, இங்க எப்படி பண்ணிருக்காங்கன்னு காட்டுங்க." வீட்டுல ஜாக்கெட் இருக்கான்னு கேட்டது இதுக்குத்தான்.

ஆறாவது, கல்யாண நாள். "கல்யாணத்தன்னிக்கு பொண்ணு அத போட்டிருக்கும்போது நீங்க எத கவனிச்சீங்க?" எப்படி இருந்துச்சுன்னு கேட்டா "சூப்பரா இருந்துச்சு"தான் வரும். எத கவனிச்சீங்கன்னா கண்ணால பாத்தது வரும்.

ஏழாவது, குறை. "இங்க தைக்க குடுக்கப் போற இன்னொரு அம்மாகிட்ட எத முன்னாடியே சொல்லி எச்சரிப்பீங்க?" குறை என்னன்னு நேரா கேட்டா மரியாதைக்கு "ஒண்ணுமே இல்ல"ம்பாங்க. இப்படிக் கேட்டா கூட்டம், காத்திருப்பு, விலை, இப்படி ஏதாவது உண்மையா வரும். அந்த ஒரு வரி இருந்தா மத்த எல்லா வரிக்கும் மதிப்பு கூடும்.

கடைசியா, "நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்காம்மா?" கேட்டுட்டு அமைதியா இருங்க. பாதி நேரம் வீடியோவோட முதல் வரி இங்கதான் கிடைக்கும், ஏன்னா பேட்டி முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு தோளு இறங்கிடும்.

ஷூட் அன்னிக்கு

ஓனர் அந்த ரூம்ல இருக்கக் கூடாது. இதுல விட்டுக்குடுக்காதீங்க. அவங்க எதிர்ல உக்காந்தா கஸ்டமர் வீடியோவுக்கு பேசாம ஓனருக்கு பேச ஆரம்பிச்சுடுவாங்க, "அக்கா ரொம்ப நல்லவங்க"ன்னு அவங்க மூஞ்சிய பாத்து சொல்லிட்டு இருப்பாங்க. முடிஞ்சா ஷூட்ட கஸ்டமர் வீட்டுலயே வைங்க, கடைல தையல் மிஷின் சத்தமும் நிக்காது.

நீங்க கேமராவுக்கு ஒட்டின மாதிரி பக்கத்துல, அவங்க கண் உயரத்துக்கே உக்காருங்க, உங்கள பாத்து பேசச் சொல்லுங்க. லென்ஸ பாத்து பேசறது பழக்கம் இல்லாதவங்களுக்கு ரொம்ப கஷ்டம், முகம் இறுகிடும். கேள்விப் பேப்பர மடில வச்சுக்கோங்க, குனிஞ்சு படிக்காதீங்க, நீங்க படிச்சா அவங்களும் பரீட்சை மூடுக்கு போயிடுவாங்க.

சத்தம் பத்தி ஒண்ணு மட்டும். காலர் மைக்க வாய்லருந்து ஒரு சாண் கீழ வைங்க, ஆனா பட்டுப்புடவை முந்தானை மடிப்புல குத்தாதீங்க, மூச்சு விட்டாலே சரசரன்னு கேக்கும். தாலிச்செயின், கழுத்துச் செயின் மைக்ல இடிக்கும், அந்த டிக் டிக் சத்தத்த எடிட்டிங்ல எடுக்கறது ரொம்ப கஷ்டம். ஜாக்கெட் ஓரத்துல குத்தி, செயின உள்ள விட்டுக்கச் சொல்லுங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ், அடுப்படி குக்கர் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஆஃப். ஒரு நிமிஷம் பேசவிட்டு ஹெட்ஃபோன்ல கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த பழக்கிடுங்க. உங்க குரல் வீடியோல வராது, அதனால பதில் தனியா நின்னா புரியணும். "எந்த மாசம் கல்யாணம்?"னு கேட்டு "ஆவணி"ன்னு மட்டும் சொன்னா அந்த க்ளிப்ப எங்கயும் வைக்க முடியாது. "ரெண்டாவது பொண்ணுக்கு ஆவணில கல்யாணம்"னு சொன்னாதான் உபயோகம். இத விளக்கமா பாடம் எடுக்காதீங்க, "அம்மா, நான் கேக்குறது வீடியோல கேக்காது, அதனால எதப் பத்தி பேசுறீங்கன்னு சேத்து சொல்லுங்க"ன்னா போதும். மறந்துட்டாங்கன்னா நடுவுல நிறுத்தாதீங்க, கதை முடிஞ்சதும் அந்த ஒரு வரிய மட்டும் திரும்பக் கேளுங்க.

இப்ப பெரிய பிரச்சனைக்கு வருவோம், ரெக்கார்ட் பட்டன அழுத்தினதும் மேடைத்தமிழ் வந்துடுறது. அஞ்சு நிமிஷம் முன்னாடி "அட அத ஏன் கேக்குறீங்க தம்பி"ன்னு பேசிட்டு இருந்தவங்க திடீர்னு "வணக்கம், நான் கடந்த மூன்று ஆண்டுகளாக"ன்னு ஆரம்பிப்பாங்க. டீச்சர், பேங்க்ல வேலை பாத்தவங்க, சங்கத்துல மைக் பிடிச்சவங்க, இவங்களுக்கு இது ரொம்ப வரும். "சாதாரணமா பேசுங்கம்மா"ன்னு சொன்னா இன்னும் மோசமாகும், சாதாரணமா இருக்கறது எப்படின்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. ரெண்டு விஷயம் வேலை செய்யும். ஒண்ணு, கைல பொருள குடுக்கறது. இப்படி மாறும் பாருங்க:

"அவர்களுடைய தையல் மிகவும் நேர்த்தியாக இருக்கும்."

"அம்மா, அந்த ஜாக்கெட்ட கொஞ்சம் உள்பக்கமா திருப்புங்களேன். இந்த எடம் என்னது?"

"இதுவா? இது உள்ள விட்ட துணி தம்பி. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் விட்டிருக்காங்க. நாளைக்கு புள்ள பெத்து கொஞ்சம் ஒடம்பு போட்டான்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல. மூத்தவளுக்கு ஒட்ட வெட்டி வச்சிட்டாங்க, பிரிக்க துணியே இல்ல."

விரல் தையல தடவும்போது வாய் தானா வீட்டுத் தமிழுக்கு வந்துடும். "நேர்த்தி"ங்கற வார்த்த சொல்லாதத அந்த ஒரு இஞ்ச் சொல்லிடுச்சு.

இன்னொண்ணு, நீங்க பேசற தமிழ். நீங்களே "தங்களின் அனுபவத்தை பகிர்ந்துகொள்ளுங்கள்"னு கேட்டா அவங்க வேற எப்படி பதில் சொல்லுவாங்க? கேள்விப் பேப்பர்லயே பேச்சுத்தமிழ்ல எழுதி வைங்க.

பதில் முடிஞ்சதும் உடனே அடுத்த கேள்விக்கு தாவாதீங்க. தலையாட்டிட்டு மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. அந்த அமைதிய நிரப்ப அவங்களே இன்னொரு வரி சொல்லுவாங்க, முதல்ல சொன்னத விட அது உண்மையா இருக்கும். "பொண்ணு அழுதுட்டா"ன்னு சொல்லி நிறுத்தினவங்க, நீங்க சும்மா இருந்தா "எனக்கும் அழுகைதான், ஆனா நான் அழுதா அவ இன்னும் அழுவாளேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன்"ம்பாங்க. நடுநடுவுல "ம்ம்", "ஓ அப்படியா"ன்னு வாயால சொல்லாதீங்க, எல்லா க்ளிப்புலயும் உங்க குரல் ஒட்டிக்கிட்டு வரும். கண்ணாலயும் தலையாலயும் மட்டும்.

பெரிய வார்த்தை வந்தா பின்னாடியே துரத்துங்க. "நல்லா பண்ணாங்க"ன்னா "எத வச்சு சொல்றீங்க?" "டைமுக்கு குடுத்தாங்க"ன்னா "அன்னிக்கு எந்தக் கிழமை, எத்தன மணிக்கு வாங்கினீங்க?" ரெண்டு தடவ துரத்தியும் ஒண்ணும் வரலன்னா விட்டுடுங்க, அங்க கதை இல்லன்னு அர்த்தம். வராத பதில நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னா அவங்க மரியாதைக்கு அப்படியே திருப்பிச் சொல்லுவாங்க, அது கேக்கும்போதே தெரியும்.

பேட்டி முடிஞ்சதும் ஜாக்கெட், பில், கை, கல்யாண ஆல்பம், இதெல்லாம் பக்கத்துல வச்சு பத்துப் பன்னெண்டு ஷாட் எடுத்துடுங்க. கடைக்குப் போய் காடாத் துணி வெட்டறது, சாக்பீஸ் கோடு, ஆரி ஒர்க் ஃப்ரேம்ல துணி கட்டிருக்கறது எடுங்க. பேச்ச வெட்டற இடத்துல எல்லாம் படம் குதிக்கும், அத மறைக்க இதுதான் வேணும். எந்த ஷாட் வேணும்னு அவங்க பேசும்போதே பேப்பர் ஓரத்துல குறிச்சு வச்சுக்கோங்க.

பேசினதிலருந்து ஸ்கிரிப்ட் எடுக்கறது

இருபத்தஞ்சு நிமிஷம் ரெக்கார்டிங் இருக்குன்னு வைங்க, வேண்டியது ஒன்றரை நிமிஷம். சாதாரண வேகத்துல பேசினா அதுக்கு ஏறக்குறைய 150 வார்த்தை போகும், ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். எடிட்டிங் ஆப்ப திறக்காதீங்க. மொதல்ல முழுசையும் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை அவங்க சொன்னபடியே எழுதுங்க, பக்கத்துல நேரத்த குறிங்க. கஷ்டமான வேலைதான், ஆனா காதுல கேக்கறப்போ தெரியாதது பேப்பர்ல கண்ணுக்கு தெரியும். ஒரு துண்டு இப்படி இருக்கும்:

"6:40. அப்ப வந்து, என்னன்னா, அதனால ரெண்டாவது பொண்ணுக்கு இங்க வந்தப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல தம்பி, ஏன்னா மூத்தவளுக்கு பட்டது, அது ஒரு, சரி அத விடுங்க, தேதி கேட்டேன். எந்தத் தேதிக்கு தருவீங்கன்னு கேட்டேன். பில்லுலயே எழுதிக் குடுத்தாங்க. கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி தேதி. நான் சொல்லல, அவங்களே போட்டாங்க."

இதுல வேண்டியத அடிக்கோடு போடுங்க: "அதனால ரெண்டாவது பொண்ணுக்கு இங்க வந்தப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல தம்பி", "தேதி கேட்டேன்", "பில்லுலயே எழுதிக் குடுத்தாங்க, கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி தேதி". "தம்பி"ய வெட்டாதீங்க, அது இருந்தாதான் இன்னொரு மனுஷன்கிட்ட பேசறது தெரியுது. "அப்ப வந்து, என்னன்னா" போகலாம். எல்லா இழுவையையும் எடுத்துட்டா ரேடியோ விளம்பரமாயிடும், யோசிக்கிற இடத்துல ஒண்ணு ரெண்ட விட்டு வைங்க.

அடிக்கோடு போட்டதெல்லாம் தனித்தனி துண்டுப் பேப்பர்ல எழுதி தரைல பரப்பி வரிசைய மாத்திப் பாருங்க. பேசின வரிசைலதான் வரணும்னு இல்ல. முதல் வரிக்கு கடையப் பத்தி எதுவும் வேண்டாம், பாக்குறவங்க "அய்யோ அப்புறம்?"னு கேக்கற வரி வேணும். டீச்சரம்மாவோடது கடைசில இப்படி நிக்குது:

"முகூர்த்தம் காலைல ஆறு மணிக்கு. முந்தின நாள் ராத்திரி பத்தரைக்கு நான் டைலர் கடை வாசல்ல நிக்கிறேன்."

"வாங்கிட்டு வந்து போட்டுப் பாத்தா கை ஏறல. பொண்ணு அழுதுட்டா." (கல்யாண ஆல்பத்த புரட்டற ஷாட்)

"அதனால ரெண்டாவது பொண்ணுக்கு இங்க வந்தப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல தம்பி. தேதி கேட்டேன். பில்லுலயே எழுதிக் குடுத்தாங்க, கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி தேதி." (பில் க்ளோசப்)

"பட்டுல கத்தரியே வைக்கல. மொதல்ல காடாத் துணில தச்சு போட்டுப் பாக்கச் சொன்னாங்க." (கடை ஷாட்)

"அதுல கம்கட்டுகிட்ட இறுக்குச்சு. சாக்பீஸ்ல மார்க் பண்ணி சரி பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் பட்டுல வரஞ்சு ஒர்க் போட்டாங்க, கடைசியாத்தான் வெட்டினாங்க."

"இது உள்ள விட்ட துணி தம்பி. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் விட்டிருக்காங்க." (ஜாக்கெட்ட திருப்பற கை)

"கல்யாணத்தன்னிக்கு காலைலருந்து சாயந்திரம் வரைக்கும் போட்டிருந்தா, ஒரு தடவ கூட கைய இழுத்து விடல."

"ஒண்ணு சொல்லிடறேன், ஆவணி முகூர்த்தத்துக்கு வேணும்னா ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க. கூட்டம் தாங்காது."

அவ்வளவுதான், அதுக்கு மேல கடை பேரும் எந்தத் தெருங்கறதும் ஒரு கார்டு. இத சத்தமா படிச்சு நேரம் பாருங்க, ஒரு நிமிஷத்துக்குள்ளயே முடிஞ்சாலும் இழுக்காதீங்க, மிச்ச நேரம் ஷாட்டுக்கும் மூச்சு விடறதுக்கும் வேணும். "சிறந்த கடை"ன்னு யாரும் சொல்லவே இல்லங்கறத ஓனர் கவனிச்சு கேப்பாங்க, அந்த காடாத் துணி வரிய காட்டுங்க.

வெட்டும்போது ஒரு எல்லை இருக்கு. வரிசைய மாத்தலாம், சுருக்கலாம், ஆனா அர்த்தத்த மாத்தக் கூடாது. முதல் தடவ காடாத் துணில இறுக்குச்சுங்கறத எடுத்துட்டா தப்பே பண்ணாத கடை மாதிரி ஆயிடும், அது அவங்க சொன்னது இல்ல. ரெண்டு வாக்கியத்துலருந்து பாதி பாதி எடுத்து அவங்க சொல்லாத மூணாவது வாக்கியத்த உருவாக்கறதும் கூடாது.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி

ஷூட் அன்னிக்கே தமிழ்ல ஒரு சின்ன ஒப்புதல் கடிதத்துல கையெழுத்து வாங்கிடுங்க. எந்த எந்த இடத்துல போடுவோம், காசு குடுத்து விளம்பரமா ஓட்டுவோமா, எவ்வளவு நாளைக்கு, எடுக்கச் சொன்னா எத்தன நாள்ல எடுப்போம், இது நாலும் அதுல இருக்கணும். கல்யாண ஃபோட்டோல பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காங்கன்னா அவங்ககிட்டயும் தனியா கேக்கணும், அம்மா சரின்னு சொன்னது அவங்களுக்கும் சேத்து ஆகாது.

பேசினதுக்கு ஓனர் அடுத்த ஜாக்கெட்ட இலவசமா தச்சுத் தர்றேன்னு சொல்லிருந்தா அத மறைக்காதீங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல போட்ட விளம்பர வழிகாட்டு விதிகள்படி, பேசறவங்க சொல்றது அவங்களோட உண்மையான அனுபவமா இருக்கணும், பாக்குறவங்க எதிர்பார்க்காத மாதிரி பணமோ சலுகையோ கை மாறிருந்தா அத தெரியப்படுத்தணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தவறான விளம்பரத்துக்கு பத்து லட்சம் வரைக்கும், திரும்ப செஞ்சா ஐம்பது லட்சம் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. சலுகை குடுத்திருந்தா வீடியோலயே படிக்கற அளவு எழுத்துல "இவருக்கு கடை ஒரு ஜாக்கெட் இலவசமாக தைத்துத் தந்தது"ன்னு போட்டுடுங்க. என்னக் கேட்டா பேட்டிக்கு முன்னாடி எதுவும் பேசவே பேசாதீங்க, ஒரு பொட்டலம் இனிப்போட போய் நன்றி சொல்லிட்டு வாங்க.

சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, பஸ்லயும் ஆபீஸ்லயும் சத்தமில்லாமதான் பாப்பாங்க. அவங்க பேசின பேச்சுத்தமிழ்லயே போடுங்க. வாய் "கை ஏறல"ன்னு சொல்லும்போது கீழ "கை பொருந்தவில்லை"ன்னு ஓடினா ரெண்டும் ஒட்டாது. ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், இன்ஸ்டால கீழ்ப்பகுதிய பேரும் கேப்ஷனும் மறைக்கும், அதனால கொஞ்சம் மேல தூக்கி வைங்க.

கடைசி கட்ட வீடியோவ ஓனருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டீச்சரம்மாவுக்கு அனுப்புங்க. "நான் சொன்னது இதுதானா, ஏதாவது எடுக்கணுமா"ன்னு பாத்து சொல்லச் சொல்லுங்க. பொண்ணு அழுதத சொல்ற வரி வேண்டாம்னு பொண்ணு சொன்னா எடுத்துடுங்க, "கை ஏறல"ங்கற இடத்தோட வெட்டினாலும் கதை நிக்கும். அவங்க சரின்னு சொன்னதுக்கப்புறம் ஓனருக்கு அனுப்பி, கடை பேரு, விலாசம், போன் நம்பர் சரியா இருக்கான்னு மட்டும் பாக்கச் சொல்லுங்க.